தவறான பில் எண்ணுடன் வந்த பணத்துக்கு வாடிக்கையாளருக்கு எழுதும் குறிப்பு

வாடிக்கையாளர் ஒருவர் வங்கி வழியாக அனுப்பிய பணம் வணிகரின் கணக்குக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதனுடன் எழுதப்பட்ட பில் எண் வேறொருவருடையதாக இருக்கிறது. இப்போது அந்தப் பணம் எந்தப் பில்லுக்கு உரியது என்று அவரிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும். அதற்காக அனுப்பப்படும் சிறு கடிதம் அல்லது வாட்ஸ்அப் செய்தியே இங்கு விளக்கப்படும் குறிப்பு ஆகும். இதை எழுதும் முறையைப் பொறுத்து, ஒரே பதிலில் கணக்கு முடியலாம். பல நாள் தொலைபேசிப் பேச்சாகவும் நீளலாம்.

## பணம் வந்தும் கணக்கில் சேராதது ஏன்?

நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். போன்ற முறைகளில் பணம், பெறுபவரின் கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொண்டு சேர்கிறது. அனுப்புபவர் எழுதும் குறிப்பு வரியை வங்கி சரிபார்ப்பதில்லை. அதில் 417 என்பதற்குப் பதிலாக 471 என்று இருந்தாலும் பணம் உரிய கணக்குக்கு வந்துவிடும். ஆகவே சிக்கல் வங்கியில் இல்லை, விற்பவரின் பேரேட்டில்தான் உள்ளது.

பில் எண்ணை மட்டும் பார்த்து வரவு வைத்தால் இரண்டு கணக்குகள் கெடுகின்றன. பணம் கட்டியவர் இன்னும் பாக்கிக்காரராகத் தெரிவார். கட்டாதவரின் பாக்கி தீர்ந்ததாகத் தெரியும். கடனுக்குச் சரக்கு அனுப்பும் தொழிலில் இதன் விளைவு உடனே வந்துவிடும். பணம் கட்டியவருக்கு அடுத்த லோடு நிறுத்தப்படும். கட்டாதவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

## கட்டுமாவடியில் ஓர் எடுத்துக்காட்டு

புதுக்கோட்டை மாவட்டம் மணமேல்குடி வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாக்கு நீரிணையை ஒட்டி உள்ள ஊர் கட்டுமாவடி. இங்குள்ள மீன் சந்தையிலிருந்து வெளியூர்க் கடைகளுக்கு மீன் செல்கிறது. அங்குள்ள ஒரு மொத்த வியாபாரியின் கணக்கை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

அவர் அக்டோபர் 28 அன்று தஞ்சாவூர்க் கடை ஒன்றுக்கு ரூ.18,640-க்கு மீன் அனுப்பினார்; பில் எண் 417. நவம்பர் 9 அன்று காரைக்குடிக் கடை ஒன்றுக்கு ரூ.9,350-க்கு அனுப்பினார்; பில் எண் 471. நவம்பர் 12 அன்று அவருடைய வங்கிக் கணக்கில் ரூ.18,640 வந்தது. அனுப்பியவர் இடத்தில் கடையின் பெயர் இல்லை, ஒரு தனிநபரின் பெயர் இருந்தது. குறிப்பு வரியில் 471 என்று இருந்தது.

கணக்கு எழுதுபவர் இதை அப்படியே 471-க்கு வரவு வைத்திருந்தால், காரைக்குடிக் கடை ரூ.9,290 கூடுதலாகக் கட்டியதாகக் காட்டியிருக்கும். தஞ்சாவூர்க் கடையின் ரூ.18,640 பாக்கி அப்படியே நின்றிருக்கும்.

## எழுதும் முன் பார்க்க வேண்டியவை

முதலில், பணம் யாருடையது என்று பார்க்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில், முந்தைய மாதங்களின் வங்கி அறிக்கையைப் புரட்டியபோது, அதே தனிநபரின் பெயரிலிருந்து தஞ்சாவூர்க் கடையின் பழைய பில்களுக்கு இரண்டு முறை பணம் வந்திருந்தது. அவர் கடைக்காரரின் மகன்.

அடுத்து, எந்தப் பில் என்று பார்க்க வேண்டும். தஞ்சாவூர்க் கடையின் பாக்கிகளில் ரூ.18,640 என்ற தொகை ஒரே பில்லில்தான் உள்ளது. எண்ணிலும் ஒரு தடயம் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், சரியான எண்ணுக்கும் தவறான எண்ணுக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 9-ஆல் மீதியின்றி வகுபடும். 471-லிருந்து 417-ஐக் கழித்தால் 54. அது 9-இன் ஆறு மடங்கு. கணக்கர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சோதனை இது. ஆனால் 9-ஆல் வகுபட்டதாலேயே இலக்கம் மாறியதாக முடிவு கட்டிவிட முடியாது. தொகையும் அனுப்பியவரும் பொருந்தினால்தான் அதற்கு மதிப்பு.

இவ்வளவு தெரிந்த பின்னும், வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளும் வரை தொகையை அனாமத்துக் கணக்கில் வைப்பதே முறை. அதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 59-ஆம் பிரிவின்படி, பல கடன்கள் உள்ளவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிப் பணம் தந்தால், அதை ஏற்றுக்கொள்பவர் அந்தக் கடனுக்கே வரவு வைக்க வேண்டும். அவர் எதுவும் சொல்லாமலும், சூழ்நிலையிலிருந்து வேறு வகையில் தெரியாமலும் இருந்தால், எந்தக் கடனுக்கு என்பதை வாங்குபவர் முடிவு செய்யலாம் என்கிறது 60-ஆம் பிரிவு. இருவருமே குறிப்பிடாவிட்டால் கடன்கள் ஏற்பட்ட கால வரிசையில் கழிக்க வேண்டும் என்கிறது 61-ஆம் பிரிவு. இங்கே வாடிக்கையாளர் ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். அது பிழையாகத் தோன்றுகிறது. அதைத் திருத்த வேண்டியவர் அவர்தான். அவருடைய ஒரு வரிப் பதில் பின்னாளில் தகராறு வராமல் காக்கும்.

## முதல் வரைவும் அதன் குறைகளும்

இப்படிப்பட்ட நேரத்தில் பெரும்பாலும் எழுதப்படும் குறிப்பு பின்வருமாறு இருக்கும்:

> ஐயா, தாங்கள் அனுப்பிய தொகை தவறான எண்ணுடன் வந்துள்ளதால் வரவு வைக்க இயலவில்லை. உரிய விவரங்களை உடனடியாக அனுப்பி ஒத்துழைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தத் தேதியில் வந்த எவ்வளவு தொகை என்று இதில் இல்லை. தவறான எண் எது என்றும் இல்லை. "உரிய விவரங்கள்" என்றால் என்ன என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. அவர் வங்கிச் செயலியின் திரைப்படம் ஒன்றை அனுப்பிவைப்பார். அதிலும் அதே 471-தான் இருக்கும்.

"வரவு வைக்க இயலவில்லை" என்பது இதைவிடப் பெரிய குறை. பணம் போய்ச் சேரவில்லை என்று அவர் எண்ணிக்கொள்வார். வங்கிக்கு ஓடுவார், அல்லது சரக்கு நின்றுவிடுமே என்று இன்னொரு முறை பணம் அனுப்பிவிடுவார். அப்போது ஒரு சிக்கல் இரண்டாகும்.

## திருத்திய குறிப்பு

> வணக்கம் அண்ணே. நவம்பர் 12 அன்று நீங்கள் அனுப்பிய ரூ.18,640 எங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. மறுபடியும் அனுப்ப வேண்டாம். (யூ.டி.ஆர். எண்ணின் கடைசி 4 இலக்கம் 2306.)
>
> குறிப்பில் பில் எண் 471 என்று உள்ளது. அது உங்கள் பில் இல்லை. உங்கள் பாக்கியில் இதே தொகைக்கு இருப்பது பில் 417, அக்டோபர் 28.
>
> இந்தப் பணத்தை 417-க்கு வரவு வைக்கலாமா? சரி என்றால் "417 சரி" என்று மட்டும் அனுப்புங்கள். வேறு பில்லுக்கு என்றால் அந்த எண்ணை எழுதுங்கள்.

பணம் வந்துவிட்டது என்ற செய்தி முதலில் வருவதால் பதற்றம் இல்லை. தேதி, தொகை, யூ.டி.ஆர். எண் ஆகிய மூன்றும் இருப்பதால், அவர் தன் பக்கத்துப் பதிவை உடனே கண்டுபிடித்துவிடலாம். தவறு யாருடையது என்ற பேச்சே இல்லை. இரண்டு எண்களும் அடுத்தடுத்து நிற்பதால் இலக்கம் மாறியதை அவரே பார்த்துக்கொள்வார். கடைசியாக, கேள்வி ஒன்றுதான். கடையில் வியாபாரம் நடக்கும்போதும் இரண்டு சொல்லில் பதில் அனுப்பலாம். 471 யாருடைய பில் என்று குறிப்பில் சொல்லவில்லை. அடுத்த வாடிக்கையாளரின் கணக்கை இவரிடம் சொல்லத் தேவையில்லை.

யூ.டி.ஆர். எண் என்பது ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனித்தனியாக அமையும் அடையாள எண். இது நெப்ட் முறையில் 16 எழுத்துகளும் எண்களும் கொண்டது, ஆர்.டி.ஜி.எஸ். முறையில் 22. ஐ.எம்.பி.எஸ்., யூ.பி.ஐ. ஆகியவற்றில் இதற்கு இணையானது 12 இலக்க எண். சில கைபேசிச் செயலிகள், இந்த 12 இலக்க எண்ணுடன் தமக்கே உரிய வேறொரு நீண்ட எண்ணையும் காட்டும். வணிகரின் வங்கி அறிக்கையில் அந்த நீண்ட எண் இருக்காது. ஆகவே எண்ணைக் கேட்கும்போது "12 இலக்க எண்" என்று சொல்லிக் கேட்பது நல்லது.

## அனுப்பியவர் யாரென்று தெரியாதபோது

மேற்கண்ட குறிப்பு, பணம் இன்னாருடையது என்று ஏறத்தாழ உறுதியான பின்பே பொருந்தும். பெயர் புதியதாக இருந்து, அதே தொகைக்கு இரண்டு மூன்று பேரிடம் பாக்கி இருந்தால், தொகையையும் யூ.டி.ஆர். எண்ணையும் வணிகர் முதலில் வெளியிடக் கூடாது. அப்படிச் செய்தால், அனுப்பாத ஒருவர் தவறுதலாகவோ வேண்டுமென்றோ "ஆமாம், நான்தான்" என்று சொல்லிவிடலாம். அப்போது குறிப்பு இப்படி மாற வேண்டும்:

> வணக்கம் அண்ணே. நவம்பர் 12 அன்று எங்களுக்கு வங்கியில் பணம் அனுப்பினீர்களா? அனுப்பியிருந்தால் தொகை, யூ.டி.ஆர். எண்ணின் கடைசி 4 இலக்கம், எந்தப் பில்லுக்கு என்பதை மட்டும் எழுதுங்கள்.

முந்தைய குறிப்பில் வணிகர் சொன்ன விவரங்களை இதில் வாடிக்கையாளர் சொல்கிறார். அவை வங்கி அறிக்கையுடன் ஒத்துப்போனால் பணம் அவருடையது.

எந்தக் குறிப்பிலும் இணைய இணைப்பு, கடவுச்சொல், ஓ.டி.பி., புதிய வங்கிக் கணக்கு எண் ஆகியவை இடம்பெறக் கூடாது. மோசடிச் செய்திகளில் வருபவை இவையே. வழக்கமாகப் பேசும் அதே கைபேசி எண்ணிலிருந்து குறிப்பை அனுப்பினால் வாடிக்கையாளரும் தயங்காமல் பதில் தருவார்.

## பதில் வந்த பின்

"417 சரி" என்ற பதில் வந்ததும், தொகை அனாமத்துக் கணக்கிலிருந்து தஞ்சாவூர்க் கடையின் கணக்குக்கு மாற்றப்படுகிறது. ஏற்கெனவே 471-க்கு வரவு வைத்திருந்தால் அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. அன்றைய தேதியில் எதிர்ப்பதிவு ஒன்று எழுதி, காரணத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். அழித்துவிட்டால், வங்கிச் சரிகட்டும் பட்டியல் போடும்போது நடந்ததைத் தேட வழியிருக்காது.

பின்னர் வாடிக்கையாளருக்கு, "பில் 417, ரூ.18,640 வரவு வைக்கப்பட்டது. அந்தப் பில்லில் பாக்கி இல்லை" என்று ஒரு வரி அனுப்பப்படுகிறது. காரைக்குடிக் கடைக்கு எதுவும் எழுதத் தேவையில்லை. பில் 471-இன் ரூ.9,350 அதன் கணக்கில் பாக்கியாகவே நிற்கும்.