குதிரை தாவும் பாடம்

சதுரங்கப் பயிற்சி வகுப்பில் குழந்தைகள் அதிகம் தடுமாறுவது குதிரையிடம்தான். யானை நேராகப் போகிறது, மந்திரி குறுக்காகப் போகிறது. குதிரை மட்டும் நேராக இரண்டு கட்டம் போய்ப் பக்கவாட்டில் ஒரு கட்டம் திரும்புகிறது. இடையில் எந்தக் காய் நின்றாலும் தாண்டிவிடும்.

பெரும்பாலான பிழைகளுக்குக் காரணம், குதிரை நிற்கும் கட்டத்தையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்குவது. அப்படி எண்ணினால் குதிரை ஒரு கட்டம் நேராக, ஒரு கட்டம் பக்கவாட்டில் என்று மூலையோடு மூலை ஒட்டிய கட்டத்தில் போய் நிற்கும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. வெள்ளைக் கட்டத்திலிருந்து தாவும் குதிரை கறுப்பில்தான் இறங்கும், கறுப்பிலிருந்து வெள்ளையில். நிறம் மாறவில்லை என்றால் நகர்வு தவறு. ஆனால் நிறம் மாறிவிட்டதாலேயே நகர்வு சரியாகிவிடாது. நேர்கோட்டில் மூன்று கட்டம் போனாலும் நிறம் மாறும். அதனால் வடிவத்தையும் சேர்த்தே பார்க்கப் பழக்க வேண்டும்.

அடுத்து காலிப் பலகையில் ஒரு சிறு புதிர். d4-இல் நிற்கும் குதிரை ஒட்டியிருக்கும் d5-க்குப் போக வேண்டும். ஒரே நகர்வு போதும் என்றுதான் குழந்தைகள் நினைப்பார்கள். உண்மையில் மூன்று வேண்டும்: c6, e7, பிறகு d5. பக்கத்துக் கட்டமே குதிரைக்குத் தொலைவு என்பதைக் குழந்தைகள் தாங்களே நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதான் நல்லது.

இனி காய்களோடு ஒரு புதிர். b1-இல் வெள்ளைக் குதிரை. C3, e4, f6, d5, b6 கட்டங்களில் கறுப்புச் சிப்பாய்கள். சிப்பாய்கள் நகராது, குதிரை ஒவ்வொரு நகர்விலும் ஒன்றை வெட்ட வேண்டும். முதலில் c3 என்பதில் சந்தேகமே இல்லை. அங்கிருந்து d5, e4 இரண்டுமே எட்டும். d5-ஐ வெட்டிவிட்டு b6-க்குப் போனால் வழி அடைபடும். F6-க்குப் போனால் அடுத்து e4 கிடைக்கும், ஆனால் b6 மிஞ்சும். e4, f6, d5, b6 என்று போனால்தான் ஐந்தும் விழும். கையை வைக்கும் முன்பு அடுத்த தாவலையும் பார்க்கும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

புதிர்களில் எதிராளி அசைவதில்லை. ஆகவே அதற்குப் பிறகு பயிற்சி ஆட்டம். ஒருவரிடம் ஒரு குதிரை, மற்றவரிடம் மூன்று சிப்பாய்கள், ராஜா இல்லை. ஒரு சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் சிப்பாய்க்காரருக்கு வெற்றி, எல்லாவற்றையும் வெட்டினால் குதிரைக்காரருக்கு. ஒன்றையொன்று காக்கும் சிப்பாய்களில் அவசரப்பட்டு ஒன்றை வெட்டினால் குதிரையே போய்விடும். காவலில்லாத சிப்பாயைத் தேட வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் இருவரும் பக்கம் மாறி ஆடுவார்கள்.

கடைசியாக இரட்டைத் தாக்குதல். கறுப்பு ராஜா e8-இலும் யானை a8-இலும் நிற்க, d5-இலிருந்து வெள்ளைக் குதிரை c7-க்குத் தாவினால் ராஜாவுக்குச் செக், யானையும் தாக்கப்படுகிறது. ராஜா விலகியே ஆக வேண்டும். அடுத்த நகர்வில் யானை வெட்டுப்படும். ஆனால் கறுப்பு ராணி d8-இல் இருந்தால் c7-இல் இறங்கும் குதிரையை அது வெட்டிவிடும். தாவும் முன்பு, இறங்கும் கட்டத்தை யார் காக்கிறார்கள் என்று குழந்தை விரலை வைத்துக் காட்டச் சொல்வது பயிற்சியாளர் தவறாமல் செய்ய வேண்டியது.