பாதை சரியா, சராசரி சரியா?

ஒரு பங்கின் விலை இன்று 100 ரூபாய். ஓராண்டு கழித்து என்னவாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அது எந்த விதத்தில் ஏறி இறங்கும் என்பதை ஒரு சமன்பாடாக எழுதலாம். ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் 1973இல் வெளியிட்ட ஆப்ஷன் விலைக் கட்டுரை இப்படியொரு சமன்பாட்டின்மேல்தான் நிற்கிறது. விலையின் மாற்றத்தை அது இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது: நிதானமான வளர்ச்சி ஒன்று, தற்செயலான குலுக்கல் இன்னொன்று. இத்தகைய வாய்ப்பியல் வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு உரிய நுண்கணிதத்தை 1940களில் உருவாக்கியவர் ஜப்பானின் கியோசி இட்டோ.

கணினியில் இதை எப்படித் தீர்ப்பது? ஆண்டைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டாக முன்னேற வேண்டும். ஒரு துண்டின் நீளம் h என்றால், அடுத்த விலை இது:

```
S + μ*S*h + σ*S*ΔW
```

μ வளர்ச்சி வீதம்; σ ஏற்ற இறக்கத்தின் அளவு. ΔW என்பது ஒவ்வொரு எட்டிலும் புதிதாக எடுக்கும் தற்செயல் எண்: சராசரி 0, மாறுபாடு h. சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு ஆய்லர் தந்த பழைய முறைதான் இது. தற்செயல் உறுப்பு சேர்ந்த சமன்பாடுகளுக்கும் இது செல்லும் என்று 1955இல் நிறுவியவர் கிசிரோ மருயாமா. அதனால் ஆய்லர்–மருயாமா முறை என்று பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது ΔWஇன் பருமன். மாறுபாடு h என்பதால், அது சுமாராக hஇன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். h = 0.1 என்றால் குலுக்கல் 0.316. எட்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க, காலத்தைவிடக் குலுக்கல் மெதுவாகத்தான் சுருங்குகிறது. எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

ஓர் எட்டை மட்டும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். μ = 0.1, σ = 0.4, h = 0.1 என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சமன்பாட்டுக்குத் துல்லியமான விடை தெரியும் என்பதால் ஒப்பிட முடிகிறது. ΔW 0.5 என்று வந்தால் ஆய்லர் முறை 121 ரூபாய் என்கிறது. உண்மை விடை 122.38. ΔW 0 என்று வந்தால் ஆய்லர் 101 என்கிறது, உண்மை 100.20. பெரிய குலுக்கலில் முறை குறைத்துச் சொல்கிறது, சிறிய குலுக்கலில் கூட்டிச் சொல்கிறது.

ரஷ்யக் கணிதவியலர் கிரிகோரி மில்ஸ்டைன் 1974இல் இதற்கு ஒரு திருத்த உறுப்பைத் தந்தார்:

```
0.5*σ²*S*(ΔW² - h)
```

நம் கணக்கில் முதல் எட்டில் இது 1.20 ரூபாயைக் கூட்டி 122.20 ஆக்குகிறது. இரண்டாவதில் 0.80 ரூபாயைக் கழித்து 100.20 ஆக்குகிறது. இந்த உறுப்பை இன்னொரு முறை பாருங்கள். ΔWஇன் வர்க்கத்தின் சராசரி h. ஆகவே உறுப்பின் சராசரி சுழியம். ஆய்லர் முறை விட்டுவிட்டது எதுவோ, அது ஒவ்வொரு பாதையையும் பாதிக்கிறது. ஆனால் ஆயிரமாயிரம் பாதைகளின் சராசரியில் அதற்குத் தடயமே இல்லை.

இங்கேதான் இரண்டு அளவுகோல்கள் பிரிகின்றன. கணினி வரைந்த பாதை, அதே குலுக்கல்களில் பிறக்கும் உண்மைப் பாதைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்று கேட்பது வலுவான ஒருங்கல். பாதைகளை விட்டுவிட்டு, சராசரி போன்ற தொகுப்பு விடை சரியா என்று மட்டும் கேட்பது வலுக்குறைந்த ஒருங்கல்.

ஓராண்டை 10 எட்டுகளில் கடந்தால், ஆய்லர் பாதையின் முடிவு உண்மைப் பாதையிலிருந்து சுமார் 4.29 ரூபாய் விலகுகிறது (விலகல்களின் வர்க்கச் சராசரிக்கு மூலம் எடுத்த கணக்கு இது). 40 எட்டுகளாக்கினால் 2.14. நான்கு மடங்கு உழைப்புக்குப் பிழை பாதிதான் குறைகிறது. சராசரியின் கதை வேறு. உண்மைச் சராசரி 110.517, 10 எட்டுகளில் பிழை 0.055, 40 எட்டுகளில் 0.014. நான்கு மடங்கு உழைப்புக்குப் பிழை கால்வாசியாகிவிட்டது.

காரணம் எளிது. ஒவ்வோர் எட்டிலும் பாதையில் விழும் பிழை h அளவு. ஆனால் அது கூட்டலாகவும் கழித்தலாகவும் மாறி மாறி வருகிறது. n எட்டுகளில் அது n மடங்காகாமல் nஇன் வர்க்கமூல மடங்காகவே சேர்கிறது. கடைசியில் நிற்பது hஇன் வர்க்கமூலம். அதனால் ஆய்லர்–மருயாமாவின் வலுவான வரிசை 1/2, வலுக்குறைந்த வரிசை 1. மில்ஸ்டைன் திருத்தம் வலுவான வரிசையை 1 ஆக்குகிறது. வலுக்குறைந்த வரிசை அதே 1தான். சராசரி மட்டும் போதும் என்றால், ΔWக்குப் பதில் நாணயம் சுண்டி +√h அல்லது −√h என்று போட்டாலும் வலுக்குறைந்த வரிசை 1 கெடுவதில்லை.

ஆனால் “விலைதானே வேண்டும், சராசரி போதும்” என்று அவசரப்பட்டுவிடக் கூடாது. ஆண்டுக்குள் எப்போதாவது விலை 80 ரூபாயைத் தொட்டால் ரத்தாகிவிடும் ஆப்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். 10 எட்டுக் கணக்கு பத்துத் தருணங்களை மட்டுமே பார்க்கிறது. இடையில் 80ஐத் தொட்டுத் திரும்பிய பாதைகளை உயிரோடு இருப்பதாக எண்ணி, விலையைக் கூட்டிச் சொல்லும். தேடுவது சராசரிதான், ஆனாலும் பிழை hஇன் வர்க்கமூல வேகத்தில்தான் குறைகிறது. இரு தருணங்களுக்கு நடுவே எல்லையைத் தொட்டிருக்கும் நிகழ்தகவைச் சூத்திரத்தால் கணக்கிட்டுச் சேர்ப்பதே இதற்குத் தீர்வு.

வரிசையைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களை வேறொரு பொறி காத்திருக்கிறது. ஓராண்டு முடிவில் விலையின் திட்டவிலக்கம் சுமார் 46 ரூபாய். 10,000 பாதைகளின் சராசரியில் மாதிரித் தடுமாற்றமே 0.46 ரூபாய் இருக்கும். 0.055 பிழை அதில் மூழ்கிப்போகும். எட்டைக் குறைத்தும் விடை முன்னும் பின்னும் ஆடுகிறது, சில சமயம் மோசமாகவும் ஆகிறது என்றால், குறை பெரும்பாலும் முறையில் இருக்காது, பாதைகள் போதவில்லை. மெல்லிய எட்டுகளின் ΔWகளைக் கூட்டிப் பெரிய எட்டுக்குக் கொடுங்கள். இரண்டு கணக்குகளும் ஒரே குலுக்கலில் நடக்கும்போது, அவற்றின் வித்தியாசத்தில் 46 ரூபாய் ஆட்டம் இருக்காது. சில ரூபாய் ஆட்டமே மிஞ்சும்.

ஆக்ஸ்ஃபோர்டின் மைக் கைல்ஸ் 2008இல் இந்த வித்தியாசத்தையே ஒரு முறையாக வளர்த்தெடுத்தார். பெரிய எட்டில் மலிவாக ஏராளமான பாதைகள். எட்டு சிறிதாகச் சிறிதாக, வித்தியாசத்தை மட்டும் திருத்தக் குறைவான பாதைகள். வழக்கமான ஆய்லர் கணக்கில் துல்லியத்தைப் பத்து மடங்காக்க ஆயிரம் மடங்கு உழைப்பு வேண்டும். கைல்ஸின் அடுக்கு முறையில் நூறு மடங்குக்குச் சற்று மேல் போதும். மில்ஸ்டைன் திருத்தத்தைச் சேர்த்தால் இதுபோன்ற சமன்பாட்டில் அந்த ‘சற்று மேல்’கூடத் தேவையில்லை. வித்தியாசம் எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதைத் தீர்மானிப்பது வலுவான வரிசை. சராசரியை மட்டுமே தேடுபவருக்கும் பாதையின் துல்லியம் பயன்படும் இடம் இது.

ஆகவே ஒரு முறையின் வரிசை 1 என்று எங்கேனும் படித்தால், எந்த ஒருங்கலின் வரிசை அது என்று முதலில் கேளுங்கள்.