8.45-ம் 8.75-ம் ஒரே நேரம்தான்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சில ஆண்டுகள் சம்பளக் கணக்கு எழுதினேன். ஒரு சனிக்கிழமை மாலை, கூலி வாங்கிக்கொண்டு போன டெய்லர் அக்கா ஒருவர் சீட்டும் கையுமாகத் திரும்பி வந்தார். "தம்பி, ஓ.டி. ஏழு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. எட்டு மணிக்கு மேல வருமுங்க, ஒருக்கா பாருங்க" என்றார். நான் கால்குலேட்டரை எடுத்து மறுபடி கூட்டினேன். ஏழுதான் வந்தது. இன்னொரு முறை கூட்டினேன். அப்போதும் ஏழுதான்.

சூப்பர்வைசர் கொடுத்த ஓ.டி. நோட்டில் அந்த அக்காவின் பெயருக்கு நேரே இப்படி இருந்தது: திங்கள் 1.45, செவ்வாய் 1.30, புதன் 0.50, வியாழன் 1.15, வெள்ளி 1.40, சனி 1.20. இவற்றைக் கூட்டினால் 7.00 வரும். கால்குலேட்டரில் தவறில்லை.

அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "திங்கக்கிழமை ஒண்ணே முக்கா. செவ்வாய் ஒன்றரை. புதன் அம்பது நிமிஷம்..." அவர் 'ஒண்ணே முக்கா' என்று சொன்னதும் எனக்குப் பிழை புரிந்துவிட்டது. நான் அதை ஒன்றே முக்காலாகக் கூட்டவில்லை. ஒன்றும், நூற்றில் நாற்பத்தைந்துமாகக் கூட்டியிருந்தேன்.

அந்த ஆறு நாள் கணக்கை அக்காவின் வழியிலேயே போட்டுப் பார்ப்போம். முழு மணிகளைத் தனியே கூட்டினால் 5. நிமிடங்களைத் தனியே கூட்டினால் 45, 30, 50, 15, 40, 20 சேர்ந்து 200 நிமிடம். 200 நிமிடம் என்பது 3 மணி 20 நிமிடம். ஆகவே மொத்தம் 8 மணி 20 நிமிடம். எட்டு மணி நேர வேலைக்கு அவருடைய கூலி 600 ரூபாய், மணிக்கு 75. ஓ.டி.க்கு இரட்டிப்பு என்பது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-ஆம் பிரிவு வகுத்த விதி. அதன்படி ஓ.டி. மணிக்கு 150 ரூபாய், நிமிடத்துக்கு இரண்டரை ரூபாய். 8 மணி 20 நிமிடம் என்றால் 500 நிமிடம். கூலி 1,250 ரூபாய். நான் கொடுத்திருந்ததோ 7 மணிக்கு 1,050. ஒரே வாரத்தில் 200 ரூபாய் குறைந்திருந்தது.

இந்தப் பிழைக்கு வேர் ஒரு சின்னப் புள்ளி. நாம் நேரத்தைப் புள்ளி வைத்துத்தான் எழுதிப் பழகியிருக்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தம் காலை 9.30 என்று இருக்கும். பேருந்து நிலையப் பலகையில் 8.45 என்று இருக்கும். அங்கே புள்ளி என்பது மணியையும் நிமிடத்தையும் பிரிக்கும் வேலி மட்டுமே. கால்குலேட்டருக்கு அந்த வழக்கம் தெரியாது. அதற்குப் புள்ளி என்றால் தசமப் புள்ளி. 8.45 என்று தட்டினால், எட்டு மணியும் ஒரு மணியின் நூறு பங்கில் நாற்பத்தைந்து பங்கும் என்று அது எடுத்துக்கொள்ளும். மணிக்கு அறுபது நிமிடம், நூறு இல்லை. அதனால் அது 8 மணி 27 நிமிடமாகிவிடுகிறது.

நம் பேச்சு இந்த விஷயத்தில் எழுத்தைவிடத் தெளிவானது. 'எட்டே முக்கால்' என்கிறோம். முக்கால் என்பது பின்னம். அதைத் தசமத்தில் எழுதினால் 0.75, எட்டே முக்கால் என்றால் 8.75. கால் 0.25, அரை 0.50. வாய் சொன்னதை அப்படியே எண்ணாக்கினால் கூலி சரியாக வரும். கை கடிகாரத்தைப் பார்த்து எழுதுகிறது, அதனால் 8.45 ஆகிறது. இரண்டும் ஒரே நேரம். ஆனால் கூலியால் பெருக்கத் தகுந்தது 8.75 மட்டுமே.

இந்தப் பிழை ஒரே பக்கமாகத்தான் சாயும் என்பதையும் கவனிக்க வேண்டும். நிமிடத்தை அறுபதால் வகுக்க வேண்டிய இடத்தில் நூறால் வகுக்கிறோம். விடை எப்போதும் குறையுமே தவிர ஒருநாளும் கூடாது. எழுதிய நிமிடங்களில் நூற்றுக்கு நாற்பது கரைந்துபோகும். அக்காவின் 200 நிமிடத்தில் 80 நிமிடம் போயிற்று. 80 நிமிடத்துக்கு 200 ரூபாய். வாரா வாரம் இப்படிக் கூட்டினால், இழப்பவர் ஒவ்வொரு முறையும் உழைத்தவரே.

சரி, மாற்றுவது எப்படி? கடிகார நேரத்தைத் தசம மணியாக்க, நிமிடத்தை 60-ஆல் வகுத்து முழு மணியோடு சேர்க்க வேண்டும். 7 மணி 21 நிமிடம் என்றால், 21-ஐ 60-ஆல் வகுக்க 0.35, ஆக 7.35. தசமத்தைக் கடிகார நேரமாக்க, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் 60-ஆல் பெருக்க வேண்டும். 0.35 பெருக்கல் 60 என்றால் 21 நிமிடம். மனக்கணக்குக்கு ஒன்றை நினைவில் வைத்தால் போதும்: 0.1 மணி என்பது 6 நிமிடம். 0.3 என்றால் 18 நிமிடம், 0.7 என்றால் 42.

இப்போது பல கம்பெனிகளில் கைரேகை மெஷின் வந்துவிட்டது. அதிலிருந்து வரும் அறிக்கை தசமத்தில் இருந்தால் குழப்பம் எதிர்ப்பக்கமாகத் திரும்பும். காலை 8 மணி 30 நிமிடத்துக்குக் கைவைத்து, ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை போக, மாலை 5 மணி 54 நிமிடத்துக்கு வெளியேறியவருக்கு வேலை நேரம் 8 மணி 24 நிமிடம். மெஷின் 8.40 என்று காட்டும். பதினாறு நிமிடம் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று அவர் நினைப்பார். மறுநாள் 8 மணி 50 நிமிடம் வேலை பார்த்தால் 8.83 என்று வரும். எண்பத்து மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது என்று திகைப்பார். கூலி இரண்டு நாளும் சரியாகவே இருக்கும். ஆனால் சீட்டைப் படிக்கத் தெரியாததால் மெஷின் மீதே நம்பிக்கை போய்விடும்.

கையில் உள்ள சீட்டு எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு மாதத்துக் கணக்கை எடுத்து, புள்ளிக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கங்களை மட்டும் பாருங்கள். ஓரிடத்திலாவது 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது தசமம்தான். கடிகாரத்தில் 60-ஆம் நிமிடம் கிடையாது. மாதம் முழுவதும் 59-ஐத் தாண்டவே இல்லை, 15, 20, 45 என்று எல்லாம் கலந்து வருகிறது என்றால் அது கடிகார நேரம். ஒரு நாளை மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது, 8.30 என்பது இரண்டு வகையிலும் வரும். ஒன்றில் அது எட்டரை மணி, இன்னொன்றில் 8 மணி 18 நிமிடம்.

இன்னொரு ஆபத்து, விழுந்துபோகும் சுழியம். 8 மணி 5 நிமிடத்தை 8.05 என்று எழுத வேண்டும். அவசரத்தில் 8.5 என்று எழுதிவிட்டால் படிப்பவர் அதை எட்டரை என்றும் எடுப்பார், 8 மணி 50 நிமிடம் என்றும் எடுப்பார். எக்செலில் 8.30 என்று தட்டினாலும் அது கடைசிச் சுழியத்தைக் கழித்து 8.3 என்றே காட்டும்.

எக்செலைப் பயன்படுத்துகிறவர்கள் நேரத்தை 8:30 என்று முக்காற்புள்ளி வைத்து இடுவது நல்லது. அங்கும் ஒரு சங்கதி உண்டு. எக்செல் நேரத்தை ஒரு நாளின் பங்காகச் சேமிக்கிறது. 8:30 என்பது அதற்கு 0.354. அதை நேராக 75-ஆல் பெருக்கினால் எட்டரை மணி நேர உழைப்புக்கு 26 ரூபாய் 56 காசு வந்து நிற்கும். முதலில் 24-ஆல் பெருக்கி மணியாக்க வேண்டும்:

```
=A2*24*75
```

விடை காட்டும் கட்டத்தின் வடிவத்தை `0.00` என்று வைத்தால் 637.50 என்று சரியாகத் தெரியும். ஆறு நாளும் எட்டரை மணி என்றால் மொத்தம் 51 மணி நேரம். ஆனால் கூட்டல் கட்டத்தில் 3:00 என்று தெரியலாம். 24 மணி தாண்டும்போதெல்லாம் அது ஒரு நாளைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. அந்தக் கட்டத்தின் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் 51:00 தெரியும். ஏற்கெனவே புள்ளி வைத்து எழுதிய பழைய கடிகார நேரங்கள் இருந்தால், அவற்றைத் தசம மணியாக்க இது போதும்:

```
=INT(A2)+ROUND((A2-INT(A2))*100,0)/60
```

8.45 இருந்த இடத்தில் 8.75 வரும்.

கடைசியாக, தசமத்தைச் சுருக்குவதில் நழுவும் காசு. 20 நிமிடம் என்பது 0.333 என்று முடிவில்லாமல் போகும். ஒவ்வொரு நாளும் 0.33 என்று வெட்டி எழுதி ஆறு நாள் கூட்டினால் 1.98. இரண்டு மணி நேர ஓ.டி.க்கு 300 ரூபாய் வர வேண்டியவருக்கு 297 கிடைக்கும். ஒரே இலக்கத்தோடு நிறுத்தி 0.3 என்று எழுதினால் 270தான். ஆகவே நாளுக்கு நாள் தசமமாக்காமல், வாரத்தின் நிமிடங்களை முதலில் கூட்டி, முடிவில் ஒரே ஒருமுறை 60-ஆல் வகுப்பதே சரியான முறை. அக்காவின் 500 நிமிடக் கணக்கு ஒரு காசும் சிதறாமல் முடிந்தது அதனால்தான்.

அவருக்குரிய 200 ரூபாயைத் திங்கட்கிழமை காலை கொடுத்தோம். பிறகு அந்த மாதத்து நோட்டு முழுவதையும் எடுத்து நிமிடக் கணக்கில் திரும்பக் கூட்டினேன். அந்த லைனில் ஓ.டி. பார்த்த ஒவ்வொருவருக்கும் பாக்கி இருந்தது. அன்றிலிருந்து நோட்டின் தலைப்பில் 'மணி:நிமிடம்' என்று எழுதி, புள்ளிக்குப் பதில் முக்காற்புள்ளி வைக்கச் சொன்னோம். சம்பளக் கணக்கு எழுதுகிறவர்கள் இன்றே தங்கள் பதிவேட்டின் தலைப்பைப் பாருங்கள். எந்தக் கணக்கு என்று அங்கே எழுதியில்லை என்றால் எழுதுங்கள். கூலி வாங்குகிறவர்கள் ஓ.டி.யை நாள்தோறும் நிமிடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சீட்டோடு ஒப்பிட அது போதும்.