அநீதி இருந்தால் மட்டும் போராட்டம் வெல்லாது: ஆத்துப்பாக்கத்தில் கொடியேறிய கதை

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தைச் சேர்ந்த ஆத்துப்பாக்கம் ஊராட்சியின் தலைவர் அமிர்தம், 2020 ஆகஸ்ட் 15 அன்று தேசியக் கொடியேற்ற முடியவில்லை. அரசுப் பள்ளியிலிருந்து முதலில் அழைப்பு வந்தது. பிறகு வரவேண்டாம் என்று தகவல் வந்தது. அவர் தலித் பெண் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. செய்தி ஊடகங்களில் வெளியானது. ஐந்து நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியர் மகேஸ்வரி ரவிக்குமாரும் காவல் கண்காணிப்பாளர் அரவிந்தனும் நேரில் வந்து உடனிருக்க, அமிர்தம் கொடியேற்றினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று.

இந்த நிகழ்வை நம்மில் பலர் வெற்றிக் கதையாகவே நினைவில் வைத்திருக்கிறோம். அது வெற்றிதான். ஆனால் எது வென்றது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். அநீதியின் அளவே வெற்றியைத் தீர்மானிக்குமானால், அதே மாநிலத்தில் அதே காலத்தில் நாற்காலியும் கொடியும் மறுக்கப்பட்ட மற்ற ஊராட்சித் தலைவர்களுக்கும் ஐந்தே நாட்களில் தீர்வு கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. அவர்களுடைய அவமானம் அமிர்தம் பட்ட அவமானத்தைவிடச் சிறியதும் அல்ல.

சமூக இயக்கங்களைப் பற்றிய ஆய்வில் இந்தக் கேள்வியை முதன்மைப்படுத்தியது வளத்திரட்டல் கோட்பாடு. 1970கள் வரை மேலைநாட்டுச் சமூகவியலாளர்கள் பலர், மக்கள் கிளர்ந்தெழுவதற்கு அவர்களின் மனக்குறையே காரணம் என்று விளக்கிவந்தார்கள். தமக்கு உரியது என்று கருதுவதற்கும் உண்மையில் கிடைப்பதற்கும் உள்ள இடைவெளி விரிந்தால் கலகம் வெடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. 1977இல் ஜான் மெக்கார்த்தியும் மேயர் சால்டும் எழுதிய கட்டுரை இதைத் திருப்பிப்போட்டது. எந்தச் சமூகத்திலும் மனக்குறைக்குப் பஞ்சமே இல்லை. அது எப்போதும் இருப்பது. எப்போதும் இருக்கும் ஒன்று, எப்போதாவது எழும் இயக்கத்துக்கு விளக்கமாக முடியாது. பணம், நேரம், ஆள், இடம், செய்தித்தொடர்பு, அமைப்பு, சட்ட அறிவு, வெளியிலிருந்து வரும் ஆதரவு ஆகியவற்றைத் திரட்ட முடிந்ததா என்றே பார்க்கவேண்டும் என்றார்கள்.

அதே ஆண்டில் கிரெய்க் ஜென்கின்சும் சார்லஸ் பெரோவும் இதை ஓர் ஒப்பீட்டில் சோதித்தார்கள். கலிபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியில் சங்கம் அமைத்து வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். 1965இல் தொடங்கிய திராட்சைத் தொழிலாளர் போராட்டம், செசார் சாவேசின் தலைமையில், 1970இல் ஒப்பந்தங்களை வென்றது. இரு காலத்திலும் கூலியும் குடியிருப்பும் அவமதிப்பும் ஏறத்தாழ ஒன்றே. மாறியது சூழல்: இரண்டாவது முறை பிற தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் நகர நடுத்தர வர்க்கமும் தொடர்ந்து துணைநின்றன, திராட்சையை வாங்காமல் புறக்கணித்தன, அரசும் முன்புபோல முழுமையாகப் பண்ணை முதலாளிகளின் பக்கம் சாயவில்லை.

இப்போது ஆத்துப்பாக்கத்துக்குத் திரும்புவோம். அந்த ஐந்து நாட்களில் பயன்பட்ட வளங்கள் எவை? செய்தியாளர்களின் படக்கருவி, சென்னையிலிருந்து சில மணிநேரத்தில் சென்றுவிடக்கூடிய தொலைவு, சுதந்திர தினம் என்பதால் செய்திக்குக் கிடைத்த கூடுதல் கனம், அதைக் கண்டு தாமதிக்காமல் செயல்பட்ட ஆட்சியர். பெரும்பாலும் இரவல் வளங்கள் இவை. கிராமத்து தலித் மக்களின் கையில் இருந்தவை அல்ல. இரவல் வாங்கியது திரும்பப் போய்விடும். செய்தியாளர் அடுத்த செய்திக்குப் போவார். ஆட்சியருக்கு மாறுதல் வரும். அடுத்த ஊராட்சியில் அதே அநீதி நடக்கும்போது மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்ததை இதனோடு ஒப்பிடலாம். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளுக்கு நேரில் சென்று கள ஆய்வு நடத்தி, 2022 ஆகஸ்டில் முடிவுகளை வெளியிட்டது. 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு நாற்காலி இல்லை. 20 ஊராட்சிகளில் அவர் கொடியேற்ற முடியவில்லை என்று அது சொன்னது. அதே மாதத்தில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா மாவட்ட ஆட்சியர்களுக்கும் கடிதம் அனுப்பினார்: தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்ய வேண்டும், தேவையானால் பாதுகாப்பும் அளிக்கவேண்டும்.

386 என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பதைக் கவனிக்கவேண்டும். வினாப்பட்டியல் தயாரிக்க ஆள் வேண்டும். மாவட்டந்தோறும் கிளை வேண்டும். ஊருக்குள் போனவரைத் தலித் தலைவர் நம்பிப் பேசவேண்டும். அந்த நம்பிக்கை ஒருநாளில் வருவதல்ல. கிடைத்ததைத் தொகுத்துச் சரியான வாரத்தில், சுதந்திர தினத்துக்கு முன்னால், வெளியிடத் தெரிந்திருக்க வேண்டும். தனித்தனியாக இருந்தவரை ‘அந்த ஊர்ப் பிரச்சினை’ என்று தள்ளிவிடக்கூடிய அவமானங்கள், எண்ணித் தொகுக்கப்பட்டபோது அரசு பதில் சொல்லவேண்டிய ஒன்றாயின. அதிகாரியின் மேசையில் கண்ணீரைவிடப் பட்டியலுக்கு மதிப்பு அதிகம் என்பது கசப்பானது; ஆனாலும் வழக்காடும் எவருக்கும் தெரிந்ததுதான்.

சட்டம் ஏற்கெனவே இருந்ததே என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிரிவு 3(1)(ம்) என நாம் குறிப்பிடும் உட்பிரிவு, ஊராட்சிப் பொறுப்பிலுள்ள பட்டியல் சாதியினரின் பணியைத் தடுப்பதையோ மிரட்டுவதையோ குற்றமாக்குகிறது. ஆத்துப்பாக்கத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இது புத்தகத்தில் இருந்தது. மகாடிலும் இப்படித்தான். பொதுக் குளங்களைத் தீண்டத்தகாதோருக்குத் திறந்துவிட 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மறு ஆண்டு மகாட் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. குளத்தில் யாரும் இறங்கவில்லை. 1927 மார்ச்சில் மாநாடு கூட்டி, ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி, அவர்களின் குடிநீருக்கே பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்கிவைத்த பிறகே, அம்பேத்கர் தலைமையில் அந்தத் தீர்மானம் குளத்தங்கரையை அடைந்தது. அதன்பின் தொடர்ந்த வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் முடிய 1937 மார்ச் ஆயிற்று. பத்து ஆண்டுகள் ஒரு வழக்கைத் தாங்கி நிற்க எவ்வளவு பணமும் பொறுமையும் வேண்டும்!

இன்றைய வன்கொடுமை வழக்கும் வெளியே தெரியாத இந்தச் செலவில்தான் சாய்கிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமத்துச் சாட்சி ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிப்காட் ஆலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி; வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. வழக்கு திருவள்ளூரில். இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான். ஆனால் ரயிலில் போவதானால் சென்னைக்கு வந்து வேறு தடத்துக்கு மாறவேண்டும். வாய்தா பத்து முறை தள்ளிப்போனால், நான்கு சாட்சிகளுக்கும் சேர்த்து நாற்பது நாள் கூலி போய்விடும். எதிர்த்தரப்பில் நிலமும் வண்டியும் வைத்திருப்பவருக்கு வாய்தா ஒரு தொந்தரவு. இவர்களுக்கு அது அடுப்பு எரிவதா இல்லையா என்ற கணக்கு. ஏழாவது வாய்தாவில் ‘சமாதானமாகப் போய்விடலாம்’ என்று ஒருவர் தூது வருவார். எட்டாவதில் சாட்சி பிறழ்வார். அவருக்குக் கோபம் தணிந்துவிட்டதாகவோ அவர் விலைபோய்விட்டதாகவோ நாம் பேசிக்கொள்வோம். உண்மையில் தீர்ந்துபோனது அவரால் இழக்க முடிந்த நாட்களின் எண்ணிக்கை.

இதற்கும் சட்டத்தில் வழியுண்டு. சட்டத்தின் 15அ பிரிவும் 1995ஆம் ஆண்டு விதிகளின் 11ஆவது விதியும், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத நாட்படியும் தரச்சொல்கின்றன. தரவேண்டியது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் இந்தத் தொகை கேட்காமல் வருவதில்லை. வாய்தா தேதியையும் வந்த சாட்சிகளையும் ஒவ்வொரு முறையும் குறித்துவைத்து, மனு எழுதி, அதன் நகலை வைத்துக்கொண்டு, கிடைக்காதபோது மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் எழுப்ப ஒருவர் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் குழு கூடவேண்டும் என்பதும் விதி. கூடியதா என்று கேட்கவும் ஒருவர் வேண்டும். கோட்பாடு ‘அமைப்பு’ என்று சொல்வதன் நடைமுறைப் பொருள், பெரும்பாலும், இந்த ஒருவர்தான்.

வளத்திரட்டல் கோட்பாட்டை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. மெக்கார்த்தியும் சால்டும் ஒரு கட்டத்தில், திறமையான அமைப்பாளர்கள் மனக்குறையையே உருவாக்கிவிட முடியும் என்றவரை போகிறார்கள். ‘வெளியாட்கள் தூண்டிவிட்டார்கள்’ என்று ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் ஊர்த்தரப்பு சொல்வதற்கும் இதற்கும் அதிகத் தூரம் இல்லை. டக் மெக்கடம் 1982இல் எழுதிய மறுப்பு இங்கே நமக்குப் பயன்படும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இயக்கத்துக்கு வெளிப்பணம் பெருமளவில் வந்தது இயக்கம் எழுந்த பிறகுதான். எழச்செய்தவை அவர்களுடைய சொந்தத் தேவாலயங்களும் கல்லூரிகளும் சங்கங்களும் என்று அவர் காட்டினார். மாண்ட்கோமரி நகரில் 1955–56இல் 381 நாட்கள் பேருந்தைப் புறக்கணிக்க முடிந்ததற்கு, தேவாலயங்களின் வழியாக ஓடிய மாற்று வண்டிகள் முக்கியக் காரணம். ரோசா பார்க்சுக்கு முன்பும் பேருந்தில் எழுந்திருக்க மறுத்துக் கைதானவர்கள் உண்டு. அந்தக் கைதுகள் புறக்கணிப்பாக மாறவில்லை.

வளம் இல்லாமை தற்செயலானதும் அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இன்றைய திருவள்ளூரின் பெரும்பகுதி இருந்தது. 1891இல் அம்மாவட்ட ஆட்சியர் டிரமென்கீர் தந்த அறிக்கை, பறையர் மக்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலையைப் பதிவுசெய்தது. 1892இன் பஞ்சமி நில ஆணைக்கு அடித்தளமானது அதுதான். குடிசை நிற்கும் மண் எதிராளியுடையதாக இருக்கும்போது, வழக்குத் தொடுப்பவர் முதலில் இழப்பது வீட்டை. நிலத்தைப் பறித்த சாதிதான் போராடும் வழியையும் பறித்தது என்று இந்தக் கோட்பாட்டை நாம் திருத்திப் படிக்கவேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் ஒன்று மாறியிருக்கிறது. ஆலைக்கூலி வாங்குபவர் ஊர் நிலவுடைமையாளரின் வயலை நம்பி இல்லை. வேலை தரமாட்டோம் என்ற ஊர்க்கட்டுப்பாட்டின் கூர் அந்த அளவுக்கு மழுங்குகிறது. அதே ஆலை அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்கிறது. சுழற்சிப் பணி என்பதால் எல்லாரும் ஒரே மாலையில் கூடுவது அரிது. ஒப்பந்தக்காரர் மாறினால் ஆளும் மாறுவார். தொழிற்சங்கம் சாதி வழக்கைத் தன் வேலையாகக் கருதுவதில்லை. தலித் அமைப்பு ஒப்பந்தக்கூலியைத் தன் வேலையாகக் கருதுவதில்லை. ஒரே மனிதர் பகலில் ஒன்றுக்கும் இரவில் மற்றொன்றுக்கும் உரியவராக இருக்கிறார். சாட்சிக்கு ஒருநாள் விடுப்பை ஊதியத்தோடு பெற்றுத்தரும் வலிமை சங்கத்துக்கு உண்டு. அதைச் சங்கத்திடம் கேட்டதுண்டா?

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் நாள் முடிந்தது. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. அந்த ஐந்து ஆண்டுகளில் மறுக்கப்பட்ட நாற்காலிகளின் பட்டியல், பதிவான வழக்குகளின் எண்கள், வாய்தா தேதிகள், யார் சாட்சி சொன்னார் என்ற குறிப்புகள் இவை எல்லாம் இப்போது எந்த அலமாரியில், யாருடைய பொறுப்பில் இருக்கின்றன என்பதை ஒவ்வொரு ஒன்றியத்திலும் கேட்டு எழுதிவைக்கும் வேலை மீதமிருக்கிறது.