ஆச்சியின் பாட்டும் ஏட்டின் எழுத்தும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன்மீது எங்கள் தீவகத்து மூதாட்டிமார் பாடும் பாடல்கள் பல, ஏடேறாமல் நாவிலேயே வாழ்ந்து வருகின்றன. எம்முடைய ஆச்சி பாடக் கேட்டு அவற்றுட் சிலவற்றை யாம் எழுதியபோது, செவிக்கும் எழுத்துக்கும் இடையே எத்துணைத் தூரம் உண்டென்பது விளங்கலாயிற்று.

பாட்டைச் "சொல்லுங்கோ" என்று கேட்டால் வராது, பாடினால் வரும். நினைவு இசையைப் பற்றிக்கொண்டே நடக்கிறது. இடையில் நிறுத்தி வினவினால் அறுந்துபோம். பின் தொடக்கத்திலிருந்தே பாடவேண்டும். ஆதலால் முதன்முறை எழுதுகோலைத் தொடாது முழுவதையும் கேட்டோம். கைத்தொலைபேசியில் ஒலியைப் பதிந்துகொண்டோம். வேறொரு நாளிற் பாடியபோதுதான் எழுதினோம். மூன்றாம் நாள் எழுதியதை ஒத்துப்பார்த்தோம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கும். ஆச்சியின் பாட்டில் ஓரிடத்தில் "தாளை சூடி" என்று கேட்டது. அம்மன் திருவடியாகிய தாளைத் தலையிற் சூடுதலா? தாழம்பூவைச் சூடுதலா? சைவப் பயிற்சி உடையவர் மனம் உடனே திருவடியையே நாடும். தாழம்பூ சிவபூசைக்கு ஆகாதென்பதும் அவர் அறிந்ததே. அங்கேதான் படித்தவர் வழுக்குகிறார்.

இதனைத் தீர்க்க இலக்கணமே துணைவந்தது. திருவடி எனின் 'தாளைச் சூடி' என வல்லெழுத்து மிகும். சகரம் அழுத்தமாய் ஒலிக்கும். தாழை எனின் உருபு தொக்கு நிற்பதால் மிகாது. சகரம் மெலிந்தே ஒலிக்கும். பதிவை மீண்டும் மீண்டும் கேட்டோம். மூன்று நாளும் ஒலி மெலிந்தே இருந்தது. பிறகே பொருளை வினவினோம். "அம்மாளின்ரை கொண்டையிலை இருக்கிற பூவெல்லோ, மோனை" என்றார் ஆச்சி. முதலில் நாமே "திருவடியோ?" என்று கேட்டிருந்தால், அவர் மறுக்காது தலையசைத்திருக்கவும் கூடும்!

எதுகையை மட்டும் நம்பி எழுத்தைத் துணிதல் இயலாது. செவியாற் பாடுவோர்க்கு ளகரமும் ழகரமும் ஒன்றே. "தாழை"க்கு "வேளை" எதுகையாய் வந்துவிடும். செந்தமிழாக்கும் ஆசையும் பொல்லாதது. "போறன்" என்பதைப் "போகிறேன்" என்றெழுதின் ஓரெழுத்து மிகுந்து, தாளம் இடறும். இசைக்காக நீளும் ஓகார ஏகாரங்களை மாத்திரம் அடியிற் சேர்க்காது ஓரத்திற் குறித்தோம்.

1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பல ஏடுகளை ஒப்புநோக்கினார். எமக்கோ ஏடு ஒன்றே. ஆயினும் அது நாளுக்கு நாள் வேறுபட்டது. ஓரடியில் முதல்நாள் "கடல்" என்றும், மூன்றாம்நாள் "கரை" என்றும் வந்தன. இரண்டும் தாளத்துக்கு இசைந்தன, பொருளும் கெடவில்லை. ஒன்றைத் தள்ள யாம் துணியவில்லை. முதல்நாட் பாடத்தை அடியிலும், மற்றதை நாளுடன் ஓரத்திலும் எழுதினோம்.

இன்னும் ஒரு சொல் விளங்கவில்லை. ஆச்சிக்கும் பொருள் தெரியாது, தம் தாயார் அப்படித்தான் பாடினாராம். கேட்டபடியே எழுதி, அருகிற் கேள்விக்குறி இட்டிருக்கிறோம். நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ அதே பாட்டைப் பாடும் வேறொரு மூதாட்டியாரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.