புகையில் பிடித்த கந்தகம் கடலுக்குப் போகிறது

உலகில் கப்பல்களுக்கு மிக அதிகமாக எரிபொருள் விற்கும் துறைமுகம் சிங்கப்பூர். 2024இல் அங்கே விற்பனையானது ஏறத்தாழ 5.5 கோடி டன். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கந்தகம் மிகுந்த கனமான எண்ணெய். இந்த எண்ணெயைச் சாதாரணக் கப்பல்கள் எரிப்பதற்கு 2020 ஜனவரி 1 முதல் உலகம் முழுவதும் தடை இருக்கிறது. அப்படியானால் வாங்குவது யார்? ஸ்க்ரப்பர் பொருத்திய கப்பல்கள்.

கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் எல்லாவற்றையும் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் கரிய, பிசுபிசுப்பான எச்சம்தான் இந்த எண்ணெய். சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். பல பத்தாண்டுகளாகப் பெரிய கப்பல்கள் இதைத்தான் எரித்து வந்தன, காரணம் விலை. இதில் கந்தகம் சுமார் 3 சதவீதம் இருக்கும். இந்திய பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் அனுமதிக்கப்படும் அளவைப்போல இது 3,000 மடங்கு.

கந்தகம் எரிந்தால் கந்தக டை ஆக்சைடு உண்டாகிறது. அது காற்றில் நுண்துகள்களாக மாறி, துறைமுக நகரங்களில் வாழ்வோரின் நுரையீரலுக்குள் நுழைகிறது. அதனால்தான் சர்வதேச கடல்சார் அமைப்பு, மார்போல் ஒப்பந்தத்தின் ஆறாம் இணைப்பு வழியாக, கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தது. பால்டிக் கடல், வட கடல், வட அமெரிக்கக் கரையோரம் போன்ற சிறப்புப் பகுதிகளில் வரம்பு 0.1 சதவீதம்தான். 2025 மே முதல் மத்தியதரைக் கடலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

நாளொன்றுக்கு 50 டன் எண்ணெய் எரிக்கும் ஒரு பெரிய டேங்கர் கப்பலை வைத்துக் கணக்குப் போட்டால் விதியின் பலன் விளங்கும். 3 சதவீதக் கந்தகம் என்றால் தினமும் ஒன்றரை டன் கந்தகம் எரிகிறது. அது புகைபோக்கி வழியே 3 டன் கந்தக டை ஆக்சைடாக வெளியேறும். 0.5 சதவீத எண்ணெய்க்கு மாறினால் அது அரை டன்னாகக் குறைந்துவிடும். உலகக் கப்பல்கள் அனைத்தையும் சேர்த்து ஆண்டுக்கு 85 லட்சம் டன் அளவுக்குக் கந்தக ஆக்சைடுகள் குறையும் என்பது கடல்சார் அமைப்பின் மதிப்பீடு.

வானத்திலும் மாற்றம் தெரிந்தது. கப்பல் புகையின் துகள்கள் கடல்மேல் தாழ்வான மேகங்களில் வெண்கோடுகளை வரைவதுண்டு. 2020க்குப் பின் செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கோடுகள் பெருமளவு குறைந்தன. அவை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. ஆகவே காற்று சுத்தமானதில், இதுவரை மறைந்திருந்த வெப்பமாதலில் ஒரு பகுதி வெளிப்பட்டது. எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

விதி இன்னொரு வழியையும் திறந்து வைத்தது. எண்ணெயை மாற்றாமல் புகையைச் சுத்தம் செய்தாலும் சரி, விளைவு ஒன்றாக இருந்தால் போதும் என்றது. அந்த வேலையைச் செய்வதுதான் ஸ்க்ரப்பர். புகைபோக்கியின் நடுவே நிற்கும் உயரமான உலோகக் கோபுரம் அது. கீழிருந்து புகை ஏறும், மேலிருந்து கடல்நீர் தூறலாகப் பொழியும். கடல்நீருக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு என்பதால் கந்தக டை ஆக்சைடு அதில் கரைந்து சமனாகிவிடும். மேலே வெளியேறும் புகையில் கந்தக டை ஆக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தைக் கருவி தொடர்ந்து அளக்கும். புகையில் வெறுங்காற்றைக் கலந்து நீர்க்கச் செய்தாலும் இந்த விகிதம் மாறாது. அதனால் ஏமாற்றுவது கடினம்.

பிரச்சினை கோபுரத்தின் அடியில் இருக்கிறது. பெரும்பாலான கப்பல்களில் உள்ளது ‘ஓப்பன் லூப்’ முறை: கழுவிய நீர் நேராகக் கடலுக்கே போகும். ஒரு மெகாவாட் மணிக்கு 45 கன மீட்டர் நீர் என்பது பொதுவான கணக்கு. நம் டேங்கர் கப்பலின் எஞ்சின் ஓட்டத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 12,000 கன மீட்டர் வரும். சென்னைத் தெருக்களில் ஓடும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் ஆயிரம் லாரி. அந்த நீரில் அமிலம் மட்டுமல்ல, வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும், எண்ணெய் எரிந்ததில் உண்டாகும் நச்சு ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. அமிலத்தன்மைக்கும் ஹைட்ரோகார்பன்களுக்கும் கலங்கலுக்கும் சர்வதேச வழிகாட்டுதலில் வரம்பு உண்டு. உலோகங்களுக்கு வரம்பே கிடையாது. நீரைச் சுழற்சியாகப் பயன்படுத்தும் ‘க்ளோஸ்ட் லூப்’ முறையில் காஸ்டிக் சோடா சேர்த்துச் சமன் செய்வார்கள். கசடைத் துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். செலவு கூடும்.

கனமான எண்ணெயை விற்கும் அதே சிங்கப்பூர், தன் துறைமுக நீரில் ஓப்பன் லூப் கழிவுநீரை விடுவதை 2020 ஜனவரி 1 முதலே தடை செய்துவிட்டது.

இவ்வளவுக்கும் பின் கப்பல் உரிமையாளர்கள் ஏன் ஸ்க்ரப்பர் வாங்குகிறார்கள் என்பதற்கு இரண்டு எண்ணெய்களின் விலை இடைவெளியைப் பார்க்க வேண்டும். நம் டேங்கர் ஆண்டுக்கு 240 நாள் ஓடினால் எரிப்பது 12,000 டன். டன்னுக்கு 100 டாலர் வித்தியாசம் இருந்தால் ஆண்டுக்கு 12 லட்சம் டாலர் மிச்சம். 300 டாலர் என்றால் 36 லட்சம். ஸ்க்ரப்பரின் விலையும் பழைய கப்பலில் பொருத்தும் கூலியும் சேர்ந்து 30 முதல் 40 லட்சம் டாலர் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 300 டாலர் இடைவெளியில் ஏறத்தாழ ஓராண்டில் முதல் திரும்பிவிடும். 100 டாலரில் மூன்று ஆண்டு பிடிக்கும். பொருத்தும்போது கப்பல் தளத்தில் வாரக்கணக்கில் வாடகையின்றி நிற்பதையும், பம்புகளை ஓட்ட ஓரிரு சதவீதம் கூடுதலாக எரியும் எண்ணெயையும் இதில் கழிக்க வேண்டும். அந்தக் கூடுதல் எரிப்பால் கார்பன் டை ஆக்சைடும் ஓரளவு கூடுகிறது.

இந்த இடைவெளி நிலையாக நிற்பதில்லை. 2020 ஜனவரியில் சிங்கப்பூரில் அது 300 டாலரைத் தாண்டியது. கொரோனாவில் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் சில மாதங்களில் 50, 60 டாலருக்கு இறங்கியது. உக்ரைன் போருக்குப் பின், 2022 நடுவில், 400 டாலரையும் கடந்தது. கப்பலை நீண்டகால வாடகைக்கு எடுத்தவரே எரிபொருள் வாங்குவது வழக்கம் என்பதால், மிச்சமும் முதலில் அவர் கைக்குத்தான் போகும். முதலீடு செய்த உரிமையாளர் தன் பங்கைக் கூடுதல் வாடகையாகக் கேட்டு வாங்குகிறார்.

பொருத்திய பிறகும் கவனம் தேவை. கழிவுநீர் வெளியேறும் குழாய், கப்பல் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் அமிலத்தால் அரிக்கப்படுகிறது. உட்பூச்சில் சிறு குறை இருந்தாலும் சில மாதங்களிலேயே துளை விழுந்து, எஞ்சின் அறைக்குள் கடல்நீர் புகுந்த சம்பவங்கள் உண்டு. பற்றவைப்பு ஓரங்களில் துருக்கறையோ ஈரமோ தெரிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. உலர்தளத்துக்கு வரும்போதெல்லாம் அந்தக் குழாயின் கனத்தை அளந்து பார்ப்பது அவசியம்.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 3,800 கப்பல்களின் கணக்கைப் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். 2022 இறுதிக்குள் பாதிக்கும் மேற்பட்ட கப்பல்கள் போட்ட முதலை எடுத்துவிட்டன. அதே ஆய்வு, 2014 முதல் 2022 வரை பால்டிக் கடலில் மட்டும் இந்தக் கழிவுநீரால் ஏற்பட்ட சேதத்தை 68 கோடி யூரோவுக்கும் மேல் என மதிப்பிட்டது. லாபம் உரிமையாளர்களுக்குப் போனது. சேதத்தை அந்தக் கடலும் அதை நம்பி வாழ்வோரும் சுமந்தார்கள்.

டென்மார்க் இதற்கு 2025 ஜூலை 1 முதல் முடிவு கட்டியது. கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் ஓப்பன் லூப் நீரை விடக் கூடாது. 2029 ஜூலை முதல் க்ளோஸ்ட் லூப் கழிவுநீருக்கும் தடை. அங்கே நுழையும் ஓப்பன் லூப் கப்பல் இப்போது எல்லையிலேயே விலை உயர்ந்த சுத்தமான எண்ணெய்க்கு மாற வேண்டியிருக்கிறது. ஆழ்கடலில் அதே கப்பல் பழையபடி கழுவிவிட்டுப் போகலாம். உலோகங்களுக்கும் வரம்பு வைத்து, எல்லாக் கடலுக்கும் ஒரே விதியைக் கொண்டுவரும் அதிகாரம் சர்வதேச கடல்சார் அமைப்பிடம்தான் இருக்கிறது.