வட்டிக்குக் கீழே இறங்காத தவணை

வருமானம் குறைந்தவர்கள் வங்கிக்கு எழுதும் கடிதங்களில் பெரும்பாலும் கஷ்டம்தான் இருக்கும். “தயவுகூர்ந்து தவணையைக் குறைத்துத் தாருங்கள்” என்பதோடு முடிந்துவிடும். எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை மாதத்துக்கு என்ற விவரம் அதில் இருக்காது. கடனை மறுசீரமைக்க முடிவெடுக்கும் அதிகாரிக்குத் தேவைப்படுவதோ அந்த விவரம்தான்.

திருப்பூரில் நான்கைந்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் ஒருவரை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடனில் பாக்கி 12 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 10 ஆண்டு. மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். கூலி, கரன்ட், நூல் செலவெல்லாம் போக மாதம் 42,000 மிஞ்சிய காலத்தில் அது பாரமாகத் தெரியவில்லை. ஆர்டர் குறைந்த பின், கடைசி நான்கு மாதங்களில் கையில் நின்றது 24,000, 27,000, 22,000, 26,000. சராசரி 24,750.

ஓராண்டுச் சராசரி போட்டால் பழைய நல்ல மாதங்களும் சேர்ந்து தொகை பெரிதாகத் தெரியும். அந்தத் தவணையை இப்போது கட்ட முடியாது. அதனால் சரிவுக்குப் பிந்தைய மாதங்களை மட்டும் எடுக்க வேண்டும். அவற்றிலும் மிக மோசமான மாதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். மளிகை, பள்ளிக் கட்டணம், மருந்து, பெட்ரோல் எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு 13,500. சராசரி மாதத்தில் மிச்சம் 11,250. மோசமான மாதத்தில் 8,500.

அப்படியானால் 8,500 கேட்டுவிடலாமா? கூடாது. 12 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டியே 9,000 ரூபாய். அதற்குக் கீழே எந்தத் தவணை கட்டினாலும் கடன் குறையாது, வளரும். அப்படியொரு தொகையைக் கேட்கும் கடிதத்தை வங்கி ஏற்பது கடினம். ஏற்றாலும் நமக்கு நல்லதல்ல.

பாக்கியை 20 ஆண்டுக்கு நீட்டினால் தவணை சுமார் 10,800 ஆகும். பார்க்க வசதியாக இருக்கும். ஆனால் இனி கட்ட வேண்டிய மொத்த வட்டி 6.24 லட்சத்திலிருந்து ஏறக்குறைய 13.9 லட்சமாகிவிடும். இது மிகப் பெரிய விலை. என் கணிப்பில் இவருக்குப் பொருந்துவது வேறு வழி. முதல் 12 மாதம் வட்டி மட்டும், அதாவது 9,000. அதன் பின் 15 ஆண்டுக்குச் சுமார் 12,170. இதில் மொத்த வட்டி 11 லட்சத்தை ஒட்டி நிற்கும். சராசரி மாதத்தில் கையில் தங்கும் 2,250 ரூபாய், மோசமான மாதத்தில் விழும் 500 ரூபாய்த் துண்டை அடைக்கும். மாறும் வட்டியில் உள்ள தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. ஆகவே தொழில் தேறியதும் கூடுதலாகக் கட்டி ஆண்டுகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருந்தால் போதும்:

“ஆர்டர் குறைந்ததால் என் நிகர மாத வருமானம் 42,000 ரூபாயிலிருந்து, கடந்த நான்கு மாதச் சராசரியாக 24,750 ரூபாயாகக் குறைந்துள்ளது. குடும்பச் செலவு 13,500 ரூபாய். எனவே 12 மாதங்களுக்கு வட்டி மட்டும் 9,000 ரூபாயும், பின்னர் 15 ஆண்டுகளுக்குச் சுமார் 12,170 ரூபாயும் செலுத்த அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறொரு நிறுவனத்திடம் புதிய ஜாப் ஒர்க் பேசி முடித்துள்ளேன். அதன் கடிதத்தை இணைத்துள்ளேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. அடுத்த ஆண்டு 12,170 எங்கிருந்து வரும் என்று அதிகாரி கேட்கத்தான் செய்வார். கணக்கு அறிக்கை, ஜாப் ஒர்க் பில்கள், ரத்தான ஆர்டர் கடிதம் ஆகியவற்றையும் இணைக்க வேண்டும்.

முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேர வேண்டும். பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகும். அதன் பிறகு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரலாம். கடிதம் கொடுத்துவிட்டோம் என்று தவணையை நிறுத்திவிடவும் கூடாது. முடிந்த தொகையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்ய அந்த நகல் வேண்டும். ஆனால் மறுசீரமைப்பது வங்கியின் வணிக முடிவு. பதில் சொல்லாததைப் பற்றிப் புகார் செய்யலாமே தவிர, கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்த முடியாது.

வங்கி சம்மதித்தால், கையெழுத்துப் போடும் முன் புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வட்டி விகிதம் கூடியிருக்கிறதா, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, பழைய தாமதக் கட்டணம் எந்தக் கணக்கில் போகிறது என்று பாருங்கள். கடன் விவர அறிக்கையில் ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்று பதிவாகும். அடுத்த சில ஆண்டுகளுக்குப் புதுக் கடன் கிடைப்பது சிரமமாகலாம். மெஷின் வாங்கக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால், இந்தக் கடிதத்தை எழுதும் முன்பே அதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.